மேலே பத்து, கீழே என்ன? (விகிதமும் வீதமும் ஒன்றல்ல)

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. செமஸ்டர் தேர்வு, அதற்குப் பிறகு ஊரில் திருவிழா, அதற்குப் பிறகு சோம்பேறித்தனம் :) இன்றைக்கு எழுத வைத்தது ஒரு சண்டை. நண்பர்களுக்குள் நடந்த சின்னச் சண்டைதான், பயப்பட வேண்டாம்.

எங்கள் கல்லூரியில் சுவரொட்டிக் கண்காட்சி வைத்தார்கள். என் வகுப்பு நண்பன் ஒருவன் (போடிக்காரன், பெயர் சொன்னால் அடிப்பான்) "தேனி மாவட்டத்தில் மகப்பேறு இறப்பு வீதம்" என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, இரண்டு மாவட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று நல்ல மாவட்டம், இன்னொன்று மோசமான மாவட்டம் என்று அம்புக்குறியெல்லாம் போட்டிருந்தான். கீழே சின்ன எழுத்தில் "ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு" என்று இருந்தது. நான் போய், "மாப்ள, இது வீதம் இல்லடா, விகிதம்" என்றேன். அவன் சொன்ன பதில்: "விகிதம், வீதம் எல்லாம் ஒண்ணுதானடா. தமிழ் வாத்தியார் மாதிரி பேசாத."

ஒன்று இல்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ஒன்று ரேஷியோ, இன்னொன்று ரேட். இரண்டையும் சுருக்கினால் எம்.எம்.ஆர். என்றே வரும். பழைய பொது மருத்துவப் புத்தகங்கள் சிலவற்றில் உயிருள்ள பிறப்பை வைத்துப் போட்ட கணக்கையே ரேட் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் செய்தித்தாள்களோ இரண்டுக்குமே "இறப்பு விகிதம்" என்று ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிடுகின்றன. ஆக போடிக்காரனை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்தக் கட்டுரையில் ரேஷியோவுக்கு விகிதம், ரேட்டுக்கு வீதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

இரண்டிலும் பின்னத்தின் மேல்பகுதி, அதாவது தொகுதி, ஒன்றேதான். ஒரு வருடத்தில் நடந்த மகப்பேறு இறப்புகளின் எண்ணிக்கை. எது மகப்பேறு இறப்பு என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை இருக்கிறது. பெண் கருவுற்றிருக்கும்போதோ, கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ இறந்திருக்க வேண்டும். காரணம் கர்ப்பத்தால் வந்ததாகவோ, கர்ப்பத்தால் மோசமானதாகவோ, அதற்குச் செய்த சிகிச்சையால் வந்ததாகவோ இருக்க வேண்டும். கர்ப்பம் எத்தனை மாதம், கருப்பையில் தங்கியதா கருக்குழாயில் தங்கியதா என்பதெல்லாம் கணக்கில்லை. எதிர்பாராத விபத்தில் இறந்தால் சேர்க்க மாட்டார்கள். கவனியுங்கள், "கர்ப்பம் முடிந்து" என்றுதான் இருக்கிறது, "குழந்தை பிறந்து" என்று இல்லை. கருச்சிதைவுக்குப் பிறகு இறந்த பெண்ணும் இதில் சேருவார்.

வித்தியாசம் எல்லாம் கீழே இருக்கிற பகுதியில்தான்.

விகிதத்துக்குக் கீழே வருவது உயிருடன் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை. வருகிற விடையை ஒரு லட்சத்தால் பெருக்குவார்கள். வீதத்துக்குக் கீழே வருவது 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள் எல்லோரும். கல்யாணம் ஆனவர், ஆகாதவர், குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர், ஏழாம் மாதம் நடக்கிறவர், எல்லோரும். இதை நம் நாட்டின் எஸ்.ஆர்.எஸ். (மாதிரிப் பதிவு முறை) அறிக்கைகளில் லட்சத்துக்கு என்று தருகிறார்கள். சில பாடப்புத்தகங்களில் ஆயிரத்துக்கு என்று இருக்கும். ஆகவே ஓர் எண்ணைப் பார்த்தால் முதலில் "எத்தனைக்கு, எதற்கு" என்று கேட்டுவிட்டு அப்புறம் ஆச்சரியப்படுங்கள்.

தேனியையே வைத்து ஒரு கணக்குப் போடலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் 12,45,899 பேர். அதில் பெண்கள் 6,20,216. இவர்களில் 15–49 வயதுக்காரர்கள் ஏறக்குறைய 55 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 3,40,000 பெண்கள். இனி வருகிற எண்கள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, எந்த அறிக்கையிலும் தேட வேண்டாம். ஒரு வருடத்தில் 17,000 குழந்தைகள் உயிருடன் பிறந்தன, 10 தாய்மார்கள் இறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

விகிதம் = 10 ÷ 17,000 × 1,00,000 = 58.8

வீதம் = 10 ÷ 3,40,000 × 1,00,000 = 2.94

அதே பத்துப் பெண்கள், அதே மாவட்டம், அதே வருடம். ஒன்று 59, இன்னொன்று 3. நம் நண்பன் ஒரு மாவட்டத்துக்கு முதலாவதையும் இன்னொன்றுக்கு இரண்டாவதையும் எடுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! (போட்டிருக்கவில்லை. ஆனால் எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டதற்கு "நெட்ல" என்றான். அதுவே எனக்குப் போதும்.)

இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. 3,40,000 பெண்களுக்கு 17,000 பிறப்பு என்றால், ஆயிரம் பெண்களுக்கு 50 பிறப்பு. இதைப் பொதுக் கருவள வீதம் என்பார்கள். 58.8-ஐ ஆயிரத்துக்கு 50, அதாவது 0.05-ஆல் பெருக்கிப் பாருங்கள். 2.94 வந்துவிடும். ஆக வீதம் என்பது இரண்டு விஷயங்களின் பெருக்கல். ஒரு பிரசவத்தில் எவ்வளவு ஆபத்து, பெண்கள் எத்தனை முறை அந்த ஆபத்துக்குள் போகிறார்கள். விகிதம் முதலாவதை மட்டும் சொல்கிறது. இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

பாலத்தை வைத்து இரண்டு கதை சொல்கிறேன்.

கதை ஒன்று. அதே மாவட்டத்தில் சில வருடம் கழித்துப் பிறப்பு 17,000-லிருந்து 13,600 ஆகக் குறைகிறது. பெண்களின் எண்ணிக்கை மாறவில்லை. இறப்பு 10-லிருந்து 8 ஆகிறது. வீதம் 2.94-லிருந்து 2.35 ஆகிவிட்டது, 20 சதவீதம் குறைவு. விழா எடுக்கலாம். ஆனால் விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்: 8 ÷ 13,600, மறுபடியும் 58.8. பிரசவ வார்டுக்குள் போகிற ஒரு பெண்ணுக்கு எதுவும் மாறவில்லை. ரத்தம் கிடைக்கிற நேரம், மயக்க மருந்து டாக்டர் வருகிற நேரம் எல்லாம் பழையபடியே இருந்திருக்கலாம். போகிறவர்களின் எண்ணிக்கைதான் குறைந்திருக்கிறது.

கதை இரண்டு. பிறப்பு 13,600 ஆகக் குறைந்தும் இறப்பு 10-லேயே நிற்கிறது. இப்போது வீதம் மாறாமல் 2.94. "நிலைமை சீராக இருக்கிறது" என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் விகிதம் 73.5-க்கு ஏறிவிட்டது. ஒவ்வொரு பிரசவமும் முன்னைவிட ஆபத்தாகியிருக்கிறது. முதல் கதையில் வீதம் இல்லாத முன்னேற்றத்தைக் காட்டியது, இரண்டாவதில் இருக்கிற சரிவை மறைத்தது.

இந்த இடத்தில் அடிக்கடி கேட்கிற ஒரு சமாளிப்பையும் சொல்லிவிடுகிறேன். எங்காவது விகிதம் ஏறினால், "பிறப்பு குறைந்துவிட்டது, பகுதி சின்னதாகிவிட்டது, அதனால் எண் பெரிதாகத் தெரிகிறது" என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் பிறப்பு குறைந்தால் ஆபத்துக்குள் போகிறவர்களும் குறைகிறார்கள், அப்போது இறப்பும் அதே அளவு குறைய வேண்டும். முதல் கதையில் குறைந்த மாதிரி. குறையவில்லை என்றால் அதற்குத்தான் காரணம் தேட வேண்டும். முதல் பிரசவங்களின் பங்கு கூடியிருக்கலாம், வயது கூடிக் கருவுறுகிறவர்கள் அதிகமாகியிருக்கலாம், சர்க்கரை, இதய நோயோடு வருகிறவர்கள் கூடியிருக்கலாம். எதுவானாலும் பகுதியின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போக முடியாது.

கற்பனைக் கணக்கு போதும் என்பவர்களுக்கு நிஜக் கணக்கு. எஸ்.ஆர்.எஸ். அறிக்கையின்படி இந்தியாவின் விகிதம் 2014–16-ல் 130, 2018–20-ல் 97. ஏறக்குறைய 25 சதவீதம் குறைந்திருக்கிறது. இதே காலத்தில் வீதம் 8.8-லிருந்து 6.0. இது ஏறக்குறைய 32 சதவீதம். இரண்டும் ஒரே அறிக்கைகளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கின்றன. இந்த 7 சதவீத வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பெண்கள் குறைவாகப் பிள்ளை பெற்றதிலிருந்து. பிரசவ சிகிச்சை எவ்வளவு மேம்பட்டது என்று கேட்கிறவர் 25-ஐத்தான் சொல்ல வேண்டும், 32-ஐ அல்ல.

அப்படியானால் வீதம் ஏமாற்று வேலையா என்றால், அதுவும் இல்லை. இங்கே என் அப்பத்தாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அப்பத்தாவுக்குச் சின்னமனூர்ப் பக்கம். எட்டுப் பிள்ளை பெற்றார். எல்லாமே வீட்டில், ஊர் மருத்துவச்சி கையில். அவர் தங்கை நாலாவது பிரசவத்தில் போய்விட்டார். "உதிரம் நிக்கலைப்பா" என்பதோடு அந்தக் கதையை முடித்துவிடுவார். அந்தக் காலத்து ஆபத்து எவ்வளவு என்று பார்க்க, லட்சம் பிறப்புக்கு 500 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு பிரசவத்துக்கு 0.5 சதவீதம். கேட்கச் சின்னதாக இருக்கிறது. எட்டு முறை என்றால் ஏறக்குறைய 4 சதவீதம், அதாவது 25 பெண்களில் ஒருவர். ஒரு தெருவில் 25 வீடு என்றால் ஒரு வீட்டில் கேட்கும் அழுகை அது.

இன்றைக்கு வாருங்கள். தமிழ்நாட்டின் விகிதம் 2018–20-ல் 54. எஸ்.ஆர்.எஸ். 2020-ன்படி தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 1.4. பெருக்கினால் லட்சத்துக்கு 76, ஏறக்குறைய 1,300 பெண்களில் ஒருவர். என் 500 என்கிற ஊகத்தோடு ஒப்பிட்டால் விகிதம் ஒன்பது மடங்கு குறைந்திருக்கிறது. வாழ்நாள் ஆபத்தோ ஐம்பது மடங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. அப்பத்தாவின் பேத்திகளுக்குக் கிடைத்த பாதுகாப்பில் பெரிய பங்கு குறைவாகப் பெற்றதால் வந்தது, அதை விகிதம் காட்டவே காட்டாது. அது வீதத்திலும் வாழ்நாள் ஆபத்திலும்தான் தெரியும். குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் விகிதத்தைப் பார்த்து "எங்கள் வேலை எங்கே?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி.

ஆகவே என் கட்சி இதுதான். ஆஸ்பத்திரியை, 108-ஐ, ரத்த வங்கியை, சீமாங் மையத்தை மதிப்பிட வேண்டுமா, விகிதத்தை எடுங்கள். ஒரு ஊர்ப் பெண்களின் வாழ்க்கையிலிருந்து இந்தச் சாவு எவ்வளவு விலகிப் போயிருக்கிறது என்று தெரிய வேண்டுமா, வீதத்தை எடுங்கள். கேள்வியைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எடுத்து நீட்டாதீர்கள்.

ஒரு சந்தேகம் வரலாம். ஆபத்துக்குள் போகிறவர்கள் கர்ப்பிணிகள் என்றால் கீழே கர்ப்பங்களின் எண்ணிக்கையைத்தானே போட வேண்டும், எதற்கு உயிருள்ள பிறப்பு? சரியான கேள்வி. பதில், கர்ப்பங்களை யாராலும் முழுதாக எண்ண முடியாது. இரண்டாம் மாதம் கலைந்தது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பிறந்த குழந்தைக்குத்தான் பிறப்புச் சான்றிதழ். எனவே எண்ண முடிந்ததை எண்ணுகிறோம். அதனால்தான் இது ரேஷியோ. மேலே இருக்கிறவர்கள் கீழே இருக்கிறவற்றின் ஒரு பகுதி அல்ல. கருச்சிதைவில் இறந்தவர் மேலே வருவார், அவருக்காகக் கீழே ஒரு பிறப்பும் சேராது. இரட்டைக் குழந்தை பெற்றவருக்குக் கீழே இரண்டு சேரும். வீதத்தில் இந்தச் சிக்கல் இல்லை, இறந்தவர் எல்லோரும் கீழே எண்ணப்பட்ட பெண்களில் ஒருவர்தான்.

இதுவரை சொன்னது எந்த மாவட்டத்துக்கும் பொருந்தும். கம்பம் பள்ளத்தாக்கில் பகுதிக்கு இன்னொரு தலைவலி இருக்கிறது. அதுதான் எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த பகுதி.

காலையில் கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ போடியிலோ நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாகக் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கிக்கு ஏறும். சிலர் சாயங்காலம் இறங்குவார்கள், சிலர் தோட்டத்து லயத்திலேயே மாதக்கணக்கில் தங்குவார்கள். அங்கே தங்கியிருக்கிற பெண்ணுக்கு வலி வந்தால் கீழே கம்பத்துக்கு வரலாம், மேலேயே கட்டப்பனைக்கும் போகலாம். கீழே இருக்கிற பெண்ணுக்குச் சிக்கல் என்றால் கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி, அங்கும் முடியவில்லை என்றால் மதுரை பெரியாஸ்பத்திரி. இதோடு நம் வழக்கம் ஒன்று: தலைப்பிரசவம் தாய்வீட்டில். திருப்பூரில் குடியிருக்கிற பெண் வளைகாப்பு முடிந்து கம்பத்துக்கு வந்து பிள்ளை பெறுவார், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பிப் போவார்.

இப்போது சொல்லுங்கள், இந்தப் பிறப்பு எந்த மாவட்டத்துப் பிறப்பு? 1969-ஆம் வருடப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, நிகழ்வு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. கம்பத்தில் பிறந்தால் கம்பம், மதுரையில் இறந்தால் மதுரை. ஆனால் மகப்பேறு இறப்பை ஆராய்கிறபோது அந்தப் பெண் எந்த ஊர், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொண்டார் என்று அவர் வீடு வரைக்கும் போவார்கள். தமிழ்நாட்டில் 1990-களிலேயே தொடங்கிவிட்ட வேலை அது, நல்ல வேலை. விளைவு என்ன என்றால், இறப்பு சொந்த ஊர்க் கணக்கிலும் பிறப்பு நடந்த ஊர்க் கணக்கிலும் வர வாய்ப்பு இருக்கிறது.

பழைய கணக்கையே எடுங்கள். தேனி மாவட்டத்துப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகள் 17,000, இறந்த தேனிப் பெண்கள் 10. அந்தப் பத்தில் இரண்டு பேர் மதுரையில் இறந்தார்கள், ஆக மாவட்டத்துக்குள் நடந்தது 8. (வெளியூர்ப் பெண் யாரும் இங்கே இறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.) வந்தவர், போனவர் எல்லாம் கழித்துக் கூட்டி மாவட்டத்துக்குள் நடந்த பிறப்பு 16,000. சொந்த ஊரை வைத்து இரண்டையும் எடுத்தால் விகிதம் 59. நடந்த இடத்தை வைத்து இரண்டையும் எடுத்தால் 50. மேலே சொந்த ஊர், கீழே நடந்த இடம் என்று கலந்தால் 62.5. தலைகீழாகக் கலந்தால் 47. ஒரே வருடம், ஒரே மாவட்டம், யாரும் பொய் சொல்லவில்லை, நான்கு எண்கள்! இதில் 59-க்கும் 50-க்கும் அர்த்தம் இருக்கிறது. முதலாவது தேனிப் பெண்களின் ஆபத்து. இரண்டாவது தேனி எல்லைக்குள் நடந்த பிரசவங்களின் ஆபத்து. மற்ற இரண்டும் குப்பை.

இதே காரணத்தால்தான் பெரிய ஆஸ்பத்திரிகளின் விகிதத்தைச் சின்ன ஆஸ்பத்திரியோடு ஒப்பிடுவதும் தப்பு. சுற்று வட்டாரத்தில் சிக்கலான கேஸ் எல்லாம் அங்கே அனுப்பப்படுகின்றன, சுலபமான பிரசவங்கள் அனுப்பிய இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. மேலே கூடுகிறது, கீழே கூடுவதில்லை. பலரைக் காப்பாற்றுகிற இடம் கணக்கில் கொலைகார இடம் மாதிரித் தெரியும்.

இது தீராத சிக்கல் அல்ல. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணியும் பிக்மி என்கிற இணையப் பதிவில் சேர்க்கப்படுகிறார். பிறப்புச் சான்றிதழுக்கு ஆர்.சி.ஹெச். எண் வேண்டும் என்று 2017-ல் கொண்டு வந்தார்கள். சான்றிதழுக்காக அலைந்தவர்கள் அந்த எண்ணைத் திட்டுவார்கள், எங்கள் சித்தி உட்பட. ஆனால் அந்த எண் தாயின் முகவரியையும் குழந்தை பிறந்த இடத்தையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது. அதை வைத்து பிறப்புகளைத் தாயின் ஊர்ப்படி பிரித்தால் சரியான பகுதி கிடைத்துவிடும். மலைக்கு மேலே பிறந்தது மட்டும் விடுபடும், அங்கே கேரளப் பதிவு.

கடைசியாக நண்பனின் அம்புக்குறிக்கு வருகிறேன். பகுதி சரியாகவே இருந்தாலும் ஒரு மாவட்டத்துக்கு ஒரு வருட விகிதத்தை வைத்து நல்லது, கெட்டது சொல்ல முடியாது. பத்து என்பது மிகச் சின்ன எண். அடிப்படை ஆபத்து கொஞ்சமும் மாறாமலே ஒரு வருடம் 6, ஒரு வருடம் 14 என்று வரலாம். புள்ளியியலில் அரிதான நிகழ்வுகளுக்குப் பாய்சான் பரவல் என்று படித்தோமே (இரண்டாம் வருடம், தூக்கம் வந்த அந்த வகுப்பு), அதன்படி 10 இறப்பு என்றால் 95 சதவீத நம்பக எல்லை ஏறக்குறைய 4.8-லிருந்து 18.4 வரை. 17,000 பிறப்புக்கு அது 28-லிருந்து 108 வரை! அவன் ஒப்பிட்ட இரண்டு மாவட்டமும் இந்த இடைவெளிக்குள் சுகமாக உட்கார்ந்திருந்தன. மூன்று வருடத்தைச் சேர்த்து 30 இறப்பு, 51,000 பிறப்பு என்று எடுத்தால் எல்லை 40-லிருந்து 84 ஆகச் சுருங்கும். அப்போதும் அகலம்தான். எஸ்.ஆர்.எஸ். மூன்று மூன்று வருடமாகச் சேர்த்துத் தருவதும், மாவட்ட வாரியாகத் தராமல் இருப்பதும் இதனால்தான். மாநில அளவில் 2001–03-ல் 134 என்பது 2019–21-ல் 49 ஆனது என்றால் நம்பிப் பேசலாம். இரண்டு மாவட்டங்களுக்கு ஒரு வருட எண்ணை வைத்துப் பட்டம் கொடுப்பது குலுக்கல் சீட்டுக்குப் பரிசு கொடுப்பது மாதிரி.

மாவட்ட அளவில் எனக்குப் பிடித்தது, விகிதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையையே சொல்வது. இந்த வருடம் பத்துப் பேர். நான்கு பேர் ரத்தப்போக்கு, இரண்டு பேர் ரத்தக்கொதிப்பு, ஒருவர் இதய நோய் என்று ஒவ்வொருவராக. எத்தனை மணிக்கு வண்டி கூப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு ரத்தம் ஏறியது என்று. பத்துப் பேரின் கதையைப் பத்துப் பக்கத்தில் எழுதிவிட முடியும். அதை ஒரு தசமப் புள்ளிக்குள் அடைக்க வேண்டிய அவசியம் அங்கே இல்லை. (காரணங்களின் எண்ணிக்கையும் உதாரணம்தான்.)

சண்டை எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. டீக்கடையில் பேப்பரில் இத்தனையும் போட்டுக் காட்டினேன். போடிக்காரன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப எங்க அக்காவுக்கு மக பொறந்தது எதுல வரும்? அவ இருக்கிறது கோயம்புத்தூர், பொறந்தது போடி" என்றான். எந்தக் கணக்கு போடுகிறாய் என்பதைப் பொறுத்தது என்றேன். மறுநாள் போய்ப் பார்த்தால் சுவரொட்டியில் "வீதம்" அடிக்கப்பட்டு "விகிதம்" ஆகியிருந்தது. அம்புக்குறிகள் மட்டும் அப்படியே இருந்தன. கேட்டதற்கு, கலர் ஸ்கெட்ச் பேனாவை அழிக்க முடியவில்லை என்றான்.